ஒரே பதில், நான்கு விதக் குறிப்பு: ஸ்டோர் கீப்பர் இன்டர்வியூவில் எதை எழுதி வைப்பது?

திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு நடுத்தர ஆலை ஸ்டோர் கீப்பர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்திருப்பவர்கள் 10 பேர். குழுவில் மூன்று பேர்: ஸ்டோர்ஸ் மேலாளர், மெயின்டனன்ஸ் இன்ஜினியர், எச்.ஆர். எல்லாரிடமும் கேட்கிற நான்கு கேள்விகளில் முதலாவது இது: "கணக்குல இருக்கிற சரக்கும் ரேக்ல இருக்கிற சரக்கும் ஒத்துப்போகாம இருந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்க. என்ன செஞ்சீங்க?"

ஏழாவதாக வந்தவர் சொல்கிறார்: "கணக்குல நாப்பது பேரிங் சார், ரேக்ல முப்பத்திநாலுதான் கெடந்துச்சு. மொதல்ல மூணு நாளு இஷ்யூ ஸ்லிப்ப எடுத்துப் பாத்தேன். நைட் ஷிஃப்ட்ல மெயின்டனன்ஸ் ஆளுவ நாலு எடுத்துட்டுப் போயிருக்காவ, ஸ்லிப்பு போடல. சூப்பர்வைசர்ட்ட சொல்லி அந்த நாலுக்கு ஸ்லிப்பு வாங்கிட்டேன். ரெண்டுக்குக் கணக்கு கெடைக்கல. அத வித்தியாசம்னு எழுதி மேனேஜர்ட்ட கையெழுத்து வாங்கி வச்சேன்."

அரை நிமிடப் பதில். இதை எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. எட்டு மாதம் கழித்து யாராவது "இவரை ஏன் எடுத்தீங்க, அவரை ஏன் விட்டீங்க" என்று கேட்டால் எந்தக் குறிப்பு பதில் சொல்லும் என்பதை வைத்தே அந்த நான்கையும் பார்ப்போம்.

முதல் வழி: கடைசியில் ஒரு பத்தி

இதுதான் எங்கும் நடப்பது. எல்லாரையும் பார்த்து முடித்து, டீ வந்த பிறகு, ஒவ்வொருவருக்கும் நான்கு வரி. ஏழாமவருக்கு இப்படி எழுதப்படும்: "நல்ல அனுபவம். நேர்மையானவராகத் தெரிகிறார். பேச்சில் தெளிவு போதாது. கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் தேறுவார்."

பேரிங் எங்கே போனது? நாற்பதும் இல்லை, முப்பத்தி நான்கும் இல்லை, கையெழுத்தும் இல்லை. "நேர்மையானவர்" என்று எழுதியவரைக் கூப்பிட்டு "எதை வைத்து?" என்று கேட்டால் எட்டு மாதத்துக்குப் பிறகு அவருக்கே ஞாபகம் இருக்காது. பத்துப் பேரையும் பார்த்துவிட்டு எழுதுவதில் இன்னொரு கோளாறும் உண்டு. முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் மனதில் நிற்பார்கள். நடுவில் வந்த நாலைந்து பேர் ஒருவரோடொருவர் கலந்துபோவார்கள். ஆறாமவர் சொன்ன பதில் ஏழாமவர் தாளில் ஏறுவது அடிக்கடி நடக்கிற தவறு. பத்திக் குறிப்பில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, ஏனென்றால் பொருத்திப் பார்க்க அதில் எந்த விவரமும் இல்லை.

"பேச்சில் தெளிவு போதாது" என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குழுவில் இருப்பவர் வெளியூர்க்காரராக இருந்தால், "கெடந்துச்சு", "எடுத்துட்டுப் போயிருக்காவ" என்ற பேச்சே அவருக்குத் தெளிவில்லாததாகப் படலாம். ஆனால் பதிலில் என்ன குழப்பம் இருந்தது? வரிசை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, முடிவும் இருக்கிறது. உண்மையிலேயே தெளிவு ஒரு பிரச்சினையாக இருந்திருந்தால் குறிப்பு வேறு மாதிரி வந்திருக்கும்: "இரண்டாம் கேள்வியை இரண்டு முறை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, விலை கேட்டதற்கு அளவைச் சொன்னார்." இது கண்ணால் பார்த்தது. முந்தையது மனதில் பட்டது.

இரண்டாம் வழி: மதிப்பெண் மட்டும்

அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களில் பெரும்பாலும் இதுதான். அனுபவம் 5-க்கு 4, பொறுப்புணர்வு 5-க்கு 3, தோற்றமும் நடத்தையும் 5-க்கு 3. கூட்டிப் போட்டு, மூவரும் கையெழுத்து.

இதற்கு ஒரு சட்ட ஆதரவு இருப்பதை மறைக்க வேண்டாம். விதியில் அப்படிக் கேட்கப்பட்டிருந்தால் தவிர, தேர்வுக் குழு தன் முடிவுக்குக் காரணம் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. நீதிபதிகள் உட்கார்ந்து இன்டர்வியூ மதிப்பெண்ணைத் திருத்திப் போடுவதும் இல்லை. ஆக, வெறும் எண்ணே கோர்ட்டில் தாக்குப்பிடித்துவிடலாம்.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. பதவி உயர்வு தொடர்பான ஒரு வழக்கில் (மோகன்லால் கபூர், 1973) விதியே காரணம் எழுதச் சொல்லியிருந்தது. குழு எல்லாருக்கும் ஒரே வாசகத்தை எழுதியது. இதை ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது என்றுதான் சொல்லலாம், காரணம் என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் ஒதுக்கியது. 1977-இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் இன்னொன்று நிலைபெற்றது: அரசு அதிகார அமைப்பின் ஆணையை அதில் எழுதியுள்ள காரணங்களை வைத்தே எடைபோட வேண்டும், வழக்கு வந்த பிறகு அபிடவிட்டில் புதுக் காரணம் சேர்க்க முடியாது. ஒரு தனியார் ஆலையின் ஆள்சேர்ப்பை இந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டாது. ஆனாலும் சொல்கிற விஷயம் எல்லாருக்கும் பொருந்தும்: அன்றைக்கு எழுதாத காரணம் பின்னால் கண்டுபிடித்த காரணமாகவே பார்க்கப்படும்.

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியைச் சுற்றிலும் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரிகள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெருமளவு அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. கேரளத் தேர்வாணைய வழக்கில் (2016) இன்டர்வியூ மதிப்பெண் விவரத்தை விண்ணப்பதாரருக்குக் கொடுக்க வேண்டும், மதிப்பிட்டவர்களின் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை என்று முடிவானது. மனு வந்தால் பொதுவாக 30 நாளில் பதில் போக வேண்டும். "பொறுப்புணர்வு 3" என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த மனுவுக்குப் பதில் தயாரிக்கிற முதல்வரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது இன்னொரு சந்தேகமும் எழும். பத்துப் பேரில் ஒவ்வொருவருக்கும் மூவர் போட்ட மதிப்பெண்ணும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தால், தனித்தனியாகப் போடவில்லை, ஒருவர் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள் என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாம் வழி: நடுவில் கோடு போட்ட தாள்

தாளை நீளவாக்கில் பிரித்து, இடப்பக்கம் அகலமாக "சொன்னது", வலப்பக்கம் குறுகலாக "மதிப்பெண்". ஒரு கேள்விக்கு அரைப் பக்கம். ஒவ்வொரு கேள்வியின் கீழும் மதிப்பெண்ணின் பொருள் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். நம் கேள்விக்கு இப்படி:

1 என்றால், வித்தியாசத்தைத் தானே கணக்கில் சரிக்கட்டிவிட்டார். 3 என்றால், காரணம் தேடினார், ஆனால் தேடியதையோ மீதியையோ எழுத்தில் வைக்கவில்லை. 5 என்றால், காரணம் தேடி, கிடைக்காததை வித்தியாசமாக எழுதி ஒப்புதல் வாங்கி, மறுபடி நடக்காமலிருக்க ஏதாவது செய்தார். 2-ம் 4-ம் இடைப்பட்டவை. தனி விளக்கம் தேவையில்லை.

இந்த வரிகளை இன்டர்வியூ அன்று காலையில் எழுதக்கூடாது. விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே, அந்த வேலையை நன்றாகத் தெரிந்தவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். ஆட்களைப் பார்த்த பிறகு எழுதினால் அளவுகோல் யாரோ ஒருவருக்குத் தைத்த சட்டையாகிவிடும்.

ஏழாமவரின் பதிலுக்கு இடப்பக்கக் குறிப்பு இவ்வளவுதான்:

"பேரிங். கணக்கு 40, ரேக் 34. 3 நாள் இஷ்யூ ஸ்லிப் பார்த்தார். 4 = இரவு ஷிஃப்ட், ஸ்லிப் இல்லை; பின்பு வாங்கினார். 2 = தெரியவில்லை; வித்தியாசம் எழுதி மேனேஜர் கையெழுத்து. கே: மறுபடி நடக்காமல்? ப: 'நைட்ல சாவி சூப்பர்வைசர்ட்டதான் இருக்கணும்னு சொன்னேன், கேக்கல.'"

வலப்பக்கம்: 4. மூன்று வேலையில் இரண்டை முழுதாகச் செய்தார். மூன்றாவதை முயன்றார், நடக்கவில்லை.

இதை எழுதுவது சொல்லுகிற அளவுக்குச் சுலபமில்லை. இயல்பாகப் பேசுபவர் நிமிடத்துக்கு நூறு சொற்களுக்கு மேல் பேசுவார். கை இருபது, முப்பதைத் தாண்டாது. அதனால் எல்லாவற்றையும் எழுத முயன்றால் பாதியில் தோற்றுப்போவோம், வந்தவரின் முகத்தையும் பார்க்க மாட்டோம். மூன்றை மட்டும் பிடிக்க வேண்டும். எண்கள், அவர் தானே செய்த செயல்கள் ("பார்த்தார்", "வாங்கினார்"), முடிவைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு வாக்கியம், அவர் பேசிய பேச்சிலேயே, மேற்கோள் குறிக்குள். "செஞ்சோம்" என்று பன்மையில் சொன்னால் உடனே "அதுல நீங்க செஞ்சது எது?" என்று கேட்டு, அந்தப் பதிலை எழுத வேண்டும். ஒருவர் கேட்கும்போது மற்ற இருவர் எழுதலாம். அடுத்த கேள்விக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த முறையில் எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் "சொல்லவில்லை" என்ற சொல். "இருப்புத் தணிக்கை பற்றித் தெரியவில்லை" என்று தாளில் இருக்கும். அவரிடம் அதைக் கேட்டார்களா? கேட்காமலே தெரியவில்லை என்று எழுதியிருந்தால், பின்னால் கேள்வி வரும்போது மொத்தத் தாளின் நம்பகமும் போய்விடும். ஆகவே மூன்று நிலைகளைத் தனித்தனியாக எழுத வேண்டும்: "கேட்கவில்லை", "கேட்டேன், பதில் இல்லை", "கேட்டேன், தெரியாது என்றார்". மூன்றும் வெவ்வேறு உண்மைகள். முதலாவது குழுவின் குறை, அதற்கு மதிப்பெண் குறைக்கக்கூடாது.

நேரத்தையும் முன்பே கணக்குப் போட வேண்டும். ஒருவருக்கு 25 நிமிடம் இன்டர்வியூ, பிறகு 10 நிமிடம் யாரோடும் பேசாமல் தாளை முடிக்க. 10 பேருக்கு 350 நிமிடம். காலை 9.30-க்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு 40 நிமிடம் விட்டால் மாலை 4 மணி. 12 பேரைக் கூப்பிட்டால் 5 மணி தாண்டிவிடும். அந்த நாளில் முதலில் வெட்டப்படுவது இந்தப் 10 நிமிடம்தான், அத்தோடு தாள் வெறும் கோடு போட்ட காகிதமாகிவிடும். அதனால் ஆளைக் குறையுங்கள், அல்லது இரண்டு நாளாக்குங்கள்.

மதிப்பெண்ணை மூவரும் தனித்தனியாகப் போட்டு, கையெழுத்திட்டு, அதன் பிறகே பேச வேண்டும். பேசிய பின் ஒருவர் மனம் மாறினால் மாற்றலாம், தவறில்லை. பழைய எண்ணின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் புது எண், நேரம், சுருக்கொப்பம், காரணம்: "4.20 மணி. ஸ்லிப் வாங்கியதை நான் குறிக்கத் தவறினேன். மற்ற இருவர் தாளில் உள்ளது." ஒயிட்னர் தடவிய தாள் கேள்வி வரும்போது நம்மையே காட்டிக்கொடுக்கும். கணினியில் எழுதினாலும் இதேதான்; கூகுள் ஷீட்ஸில் யார் எப்போது எதை மாற்றினார் என்பது வெர்ஷன் ஹிஸ்டரியில் கிடக்கும். விட்டுப்போனதை மறுநாள் சேர்ப்பதாக இருந்தால் "மறுநாள் சேர்த்தது" என்றே எழுத வேண்டும்.

நான்காம் வழி: ஒலிப்பதிவு

இது புதுமோகம் இல்லை. 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றமே இன்டர்வியூவை டேப்பில் பதிவுசெய்வது நல்லது என்றது. ஸ்ரீநகரின் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கு அது. எழுத்துத் தேர்வுக்கு 100, வாய்மொழித் தேர்வுக்கு 50 மதிப்பெண். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள், அதிலும் கேட்டது பெற்றோர் யார், வீடு எங்கே என்பது என்று மாணவர்கள் முறையிட்டார்கள். வாய்மொழித் தேர்வுக்கு அவ்வளவு பங்கு கூடாது, 15 விழுக்காட்டைத் தாண்டினால் அது தன்னிச்சையானது என்றது தீர்ப்பு.

ஒலிப்பதிவு என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்பதை மறுக்க முடியாமல் நிறுத்தும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. 4 ஏன் போட்டார்கள் என்பது அதில் இல்லை. 10 பேருக்கு 250 நிமிடப் பதிவு. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து யாரும் கேட்கப்போவதில்லை. முன்கூட்டியே சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், யார் கேட்கலாம், எப்போது அழிப்பது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். வந்தவர் வெளியே போனதும் நிறுத்த மறந்தால், குழு தங்களுக்குள் பேசிய கிண்டலும் அதில் ஏறியிருக்கும். ஓர் இடத்துக்கு இருநூறு பேர் மோதுகிற, இன்டர்வியூ மதிப்பெண்ணே முடிவைத் தீர்மானிக்கிற வேலைகளுக்கு இதைக் கோடு போட்ட தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். தாளுக்குப் பதிலாக வைத்தால் பயனில்லை.

"எந்த ஊரு தம்பி?"

எந்த வழியைத் தேர்ந்தாலும் நம் பக்கத்துக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. திருநெல்வேலியில் பேச்சைத் தொடங்குவதே "எந்த ஊரு, யார் மகன்" என்றுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்டால் அது நட்பு. தேர்வுக் குழுவின் வாயிலிருந்து வந்தால், ஊரும் தெருவும் சேர்ந்து என்ன சாதி என்று சொல்லிவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அஜய் ஹாசியா வழக்கில் மாணவர்கள் முறையிட்டதும் ஏறக்குறைய இதே கேள்வியைப் பற்றித்தான்.

வேலைக்குத் தேவையான விவரம் எதுவோ அதைக் கேளுங்கள்: "காலை 6 மணி ஷிஃப்டுக்கு வர முடியுமா? எப்படி வருவீங்க?" பதிலை எழுதுங்கள். ஊர்ப் பெயர் தாளில் வரவேண்டியதில்லை. நெற்றியில் என்ன இருந்தது, கையில் என்ன நிறக் கயிறு, கல்யாணம் எப்போது, இதெல்லாம் "அடையாளம் வைக்கத்தான்" என்று ஓரத்தில் குறிப்பவர்கள் உண்டு. அந்த ஓரக் குறிப்புதான் பின்னால் முதல் சாட்சியாக நிற்கும். அடையாளத்துக்கு வரிசை எண் போதும். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், மற்றவர் "கேட்கப்பட்டது, மதிப்பீட்டில் சேர்க்கவில்லை" என்று ஒரு வரி எழுதி வைப்பது நல்லது. கேட்டதைத் தாளிலிருந்து மறைப்பதில் லாபமில்லை, வந்தவருக்கு அது ஞாபகம் இருக்கும்.

எதைத் தேர்வது

எங்கள் பரிந்துரை மூன்றாவது. பத்திக் குறிப்பை முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. அதைக் கடைசியில், தாள்களிலிருந்து எடுத்து எழுதும் மூன்று வரி முடிவாக வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று வரியில் வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஏதாவது ஒரு தாளின் இடப்பக்கத்தில் ஆதாரம் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. குழு இல்லாமல் ஒருவர் தனியாக இன்டர்வியூ எடுக்கும் சின்னக் கடைக்கு நான்கு கேள்விக்குப் பதில் இரண்டு கேள்வி வைத்து இதையே செய்யலாம்.

தனியார் ஆலைக்குத் தகவல் உரிமை மனு வராது, ரிட் வழக்கும் பொதுவாக வராது. அங்கே கேள்வி வருவது பெரும்பாலும் மாடியிலிருந்து. நம் உதாரணத்தில் ஏழாமவருக்கு மூவர் போட்ட மொத்தம், 20-க்கு 15, 14, 15. நான்காமவருக்கு 12, 11, 12. முடிவுக் குறிப்பு: "7: கணக்கு வித்தியாசம், ஸ்லிப் ஒழுங்கு இரண்டிலும் தானே செய்த உதாரணம் சொன்னார். 4: அனுபவம் இரண்டு ஆண்டு கூடுதல், வித்தியாசம் பற்றிய கேள்வியில் மூவரும் 1. 7-ஐப் பரிந்துரைக்கிறோம்."

டைரக்டர் கூப்பிட்டுக் கேட்கிறார்: "நாலாம் நம்பர ஏன் விட்டீங்க? அண்ணாச்சி சொல்லிவிட்ட பையன்லா. எக்ஸ்பீரியன்ஸும் கூட."

எச்.ஆர். ஒன்றும் வாதாட வேண்டியதில்லை. நான்காமவரின் தாளில் முதல் கேள்வியைத் திருப்பிக் காட்டினால் போதும். மூன்று பேர் கையெழுத்திலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம் இருக்கிறது: "'வித்தியாசம் வந்தா நானே ரெஜிஸ்டர்ல அட்ஜஸ்ட் பண்ணிருவேன்.' கே: மேனேஜரிடம் சொல்வீர்களா? ப: 'சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் எதுக்கு சார்.' கே (மறுபடி): எவ்வளவு வரை சின்னது? ப: 'பத்தாயிரம் வரைக்கும்.'"